2,000 ரூபாய் வாடகையில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: ஐயா, மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 36 அறை கொண்ட ஹோட்டல் நடத்துகிறோம். ஏசி அறைக்கு போர்டு விலை 3,200. ஆன்லைனில் 2,600க்குப் போகிறது, அதில் 18 சதவீதம் கமிஷன். சனி, ஞாயிறும் முகூர்த்த நாட்களும் நிறைந்துவிடும். திங்கள் முதல் வியாழன் வரை பாதி காலி. இப்போது ஒரு பெரிய கம்பெனி வருஷத்துக்கு 600 ரூம் நைட் தருவதாகச் சொல்கிறது. காலை டிபனோடு 2,000 ரூபாய், வருஷத்தில் எந்த நாளும் அதே விலை, மாதம் ஒரு பில், 60 நாள் கடன் என்று கேட்கிறார்கள். விட்டால் பக்கத்து ஹோட்டல் பிடித்துக்கொள்ளும் என்று அப்பா பயப்படுகிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்படியே போட வேண்டாம். ஆனால் இந்தக் கம்பெனியை விட்டுவிடவும் வேண்டாம். திங்கள் முதல் வியாழன் வரை பாதி அறை காலியாக இருக்கும் ஹோட்டலுக்கு வேண்டிய வியாபாரம் இதுதான். அவர்கள் கேட்டிருப்பது ஒரு சலுகை மாதிரித் தெரியும், பிரித்துப் பார்த்தால் நான்கு. வாடகைக் குறைப்பு, டிபன், எல்லா நாளும் ஒரே விலை, கடன். நான்குக்கும் தனித்தனியாக விலை உண்டு. நான்கையும் ‘2,000 ரூபாய்’ என்ற ஒரே எண்ணுக்குள் வைத்துக் கேட்கும்போது, மற்ற மூன்றையும் நாம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் 3,200 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு நேராக வந்து தங்குகிறவர்கள் முகூர்த்த நாளில்தான் இருப்பார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையில் உங்கள் அறை ஆன்லைனில் 2,600க்குப் போகிறது. அதில் கமிஷன் 468 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 84 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக நாம் கட்டும் வரிகளைக் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விட்டது. அதனால் இந்த 84 ரூபாயும் செலவுதான். கைக்கு வருவது 2,048. கம்பெனியின் விலையை இந்த 2,048 ரூபாயோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போது அவர்கள் கேட்கும் 2,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். டிபனுக்கு உங்கள் அடக்கம் ஆளுக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சமையலறைக் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மீதி 1,880.

அடுத்தது ‘எந்த நாளும்’ என்ற வார்த்தை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்வது இதைத்தான். அறை இருக்கும்வரை ஒப்பந்த விலையிலேயே தர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். சித்திரையில் திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரை, ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் மூன்று நாட்கள், அப்புறம் பெரிய முகூர்த்தங்கள். இந்த நாட்களில் கடைசி அறையை நீங்கள் 3,200க்கு விற்றிருப்பீர்கள். 600 ரூம் நைட்டில் 60 மட்டும் இப்படிப்பட்ட நாட்களில் விழுந்தாலே, அறைக்கு 1,320 வீதம் 79,200 ரூபாய் போகும். 600ஆல் வகுத்தால் ஒரு ரூம் நைட்டுக்கு 132 ரூபாய். மீதி 1,748.

கடைசியில் கடன். மாதத்துக்கு 50 ரூம் நைட் என்றால் ஒரு லட்சம் ரூபாய் வாடகை, ஐயாயிரம் வரி. ஜனவரி பில்லை பிப்ரவரி 5 அன்று கொடுப்பீர்கள். 60 நாள் என்றால் பணம் ஏப்ரல் முதல் வாரத்தில் வரும். அதற்குள் பிப்ரவரி, மார்ச் பில்லும் சேர்ந்திருக்கும். சொன்ன தேதியில் தவறாமல் பணம் கொடுக்கும் நல்ல கம்பெனியிடமே உங்கள் பணம் 3,15,000 ரூபாய் நிற்கும். ஓவர்டிராஃப்டுக்கு 12 சதவீதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 37,800. ரூம் நைட்டுக்கு 63 ரூபாய். அதையும் கழித்தால் 1,685.

ஆக, அவர்கள் சொல்வது 2,000, கைக்கு வருவது 1,685. காலியாகக் கிடக்கும் அறைக்கு இதுவும் லாபம்தான், அதை மறுக்கவில்லை. துணி வெளுப்பு, சோப்பு, தண்ணீர் பாட்டில், கரண்ட், அறை சுத்தம் எல்லாம் சேர்ந்து 450 ரூபாய் என்றாலும் 1,235 ரூபாய் நிற்கிறது. அப்பாவின் பயத்தில் இருக்கும் நியாயம் அதுதான். ஆனால் இந்தக் கணக்கு, அந்த அறை உண்மையிலேயே காலியாகக் கிடந்திருக்கும் என்றால் மட்டுமே சரி. போன வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் ஆட்கள் ஏற்கெனவே உங்களிடம் ஆன்லைனில் போட்டுத் தங்கிக்கொண்டிருந்தால், 2,048 தந்துகொண்டிருந்தவரை நீங்களே 1,685க்கு இறக்குகிறீர்கள்.

அடுத்து, 600 என்ற எண். பர்ச்சேஸ் அதிகாரி சொல்லும் ரூம் நைட் எண்ணிக்கை வாக்குறுதி அல்ல. அவர் கம்பெனியில் யார் எப்போது பயணம் போவார் என்பது அவர் கையில் இல்லை. 600 என்றால் ஒவ்வொரு வேலை நாளும் உங்கள் ஹோட்டலில் அவர்கள் ஆள் இரண்டு பேராவது தங்கியிருக்க வேண்டும். “போன வருஷம் மதுரையில் உங்கள் ஆட்கள் மாதவாரியாக எத்தனை நாள் தங்கினார்கள் என்ற பட்டியல் கிடைக்குமா?” என்று கேளுங்கள். பயணச் செலவுக் கணக்கிலிருந்து அரை நாளில் எடுத்துவிடலாம். தர மறுத்தால் அந்த 600 பேரத்துக்காகச் சொன்ன எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: அவர்கள் ஆட்களுக்கு ஹோட்டலை யார் முடிவு செய்கிறார்? டிராவல் டெஸ்க் ஒன்று இருந்து அதுதான் புக் செய்கிறது என்றால் எண்ணிக்கை வரும். தங்குகிறவரே ஹோட்டலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றால், பர்ச்சேஸ் போடும் கையெழுத்தால் ஒரு ஆள்கூட வரவேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால் விலையை எண்ணிக்கையோடு கட்டுங்கள். என் ஆலோசனை இது. டிபனோடு பேச்சை 2,500இல் தொடங்குங்கள். முதல் காலாண்டுக்கு நம்பிக்கையின் பேரில் 2,300 வரை இறங்குங்கள். அந்தக் காலாண்டில் 150 ரூம் நைட் உண்மையில் தங்கியிருந்தால் அடுத்த காலாண்டுக்கு 2,200. 100க்கும் 150க்கும் நடுவில் என்றால் 2,300 தொடரும். 100க்குக் கீழே என்றால் 2,500. 2,200க்குக் கீழே இறங்க வேண்டாம். ஆன்லைனில் கிடைக்கும் 2,048, டிபன் 120, மிதமான கடனுக்கு ஒரு 30 ரூபாய் என்று கூட்டினால் நிற்கும் இடம் அதுதான். அதற்கு மேல் குறைப்பது, இன்று ஆன்லைனில் வரும் விருந்தாளியைவிடக் குறைந்த பணத்துக்குக் கம்பெனி ஆளை வைத்துக்கொள்வது.

வருஷக் கடைசியில் எண்ணிக்கை பார்த்துத் தள்ளுபடியைத் திருப்பித் தருகிறோம் என்ற ஏற்பாட்டுக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே போட்ட பில்களுக்கெல்லாம் கிரெடிட் நோட் போட வேண்டும், வரிக் கணக்கைத் திருத்த வேண்டும், அது உங்கள் அளவிலான ஹோட்டலுக்குப் பெரிய தொல்லை. போன காலாண்டின் எண்ணிக்கை அடுத்த காலாண்டின் விலையைத் தீர்மானிக்கட்டும். போட்ட பில்லைத் தொட வேண்டியதே இல்லை.

பேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தேவையையும் பாருங்கள். அவர் மூன்று ஹோட்டலில் கொட்டேஷன் வாங்கி, தான் எவ்வளவு சதவீதம் குறைத்தார் என்று மேலே காட்ட வேண்டும். போர்டு விலை 3,200க்கு 2,300 என்றால் 28 சதவீதம் குறைவு, 2,200 என்றால் 31. அவருக்கு இது காட்டக்கூடிய எண்தான். அதற்கு மேலும் அழுத்தினால் விலையைக் குறைக்காமல் வேறு ஒன்று கொடுங்கள். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர் விடியற்காலையில் ஜங்ஷனில் இறங்கி, ஆறு மணிக்கு உங்கள் ரிசப்ஷனில் பையோடு நிற்பார். பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்றால் குளிக்க இடமில்லாமல் அலைவார். திங்கள் முதல் வியாழன் வரை, முந்தின இரவு காலியாக இருந்த அறையை ஆறு மணிக்கே கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்களுக்கு அதிகம் போனால் ஒரு டிபன் செலவு. அந்த ஆளுக்கோ 200 ரூபாய் தள்ளுபடியைவிட அது பெரிது, ஏனென்றால் தள்ளுபடி அவர் பைக்கு வருவதில்லை. அடுத்த முறை டிராவல் டெஸ்க்கிடம் அவரே உங்கள் பெயரைச் சொல்வார்.

‘எந்த நாளும்’ என்பதை இப்படி மாற்றுங்கள்: ஒப்பந்த விலை திங்கள் முதல் வியாழன் வரை, அறை இருப்பைப் பொறுத்து, ஒரு நாளில் ஆறு அறை வரை. மற்ற நாட்களில் அன்றைய விலையில் 10 சதவீதம் குறைவு. சித்திரைத் திருவிழா, பொங்கல் நாட்களை ஒவ்வொரு வருஷமும் தேதி போட்டு இணைப்பாகக் கொடுத்து, அந்த நாட்களுக்கு ஒப்பந்த விலை கிடையாது என்று எழுதிவிடுங்கள். ‘திருவிழா நாட்கள்’ என்று பொதுவாக எழுதினால், எந்த நாள் திருவிழா என்று ஏப்ரலில் சண்டை வரும்.

‘அறை இருப்பைப் பொறுத்து’ என்ற சொற்றொடருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கம்பெனிக்கென்று குறிப்பிட்ட அறைகளை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கி வைப்பதாக எழுதினால் வருமான வரிச் சட்டப்படி அது கட்டட வாடகை ஆகிவிடும். கம்பெனி பில்லில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடிக்கும். விலையை மட்டும் நிர்ணயித்து, அறை தந்தே ஆக வேண்டும் என்ற கடப்பாடு இல்லாத ஒப்பந்தம் அந்த வகையில் வராது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2002இல் ஒரு சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஆறு அறை என்பது உச்ச வரம்பு, ஒதுக்கீடு அல்ல என்று தெளிவாக எழுதிவிட்டால் இந்தப் பிடித்தம் வராது. கணக்குப் பிரிவு கேட்டால் அந்தச் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டலாம். பிடித்த பணம் பிறகு திரும்பி வரும் என்றாலும், அதுவரைக்கும் அதுவும் ஒரு கடன்தானே.

இனி கடனுக்கு வருகிறேன். 63 ரூபாய் வட்டியைப் பார்த்து நான் பயப்படவில்லை. மூன்று லட்சத்துக்கு மேல் வெளியே நிற்கும்போது அதில் ஒரு பகுதி வராமலே போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறேன். நான் ஒரு ஹோட்டலில் விற்பனை மேலாளராக இருந்தபோது நடந்தது இது. ஒரு கம்பெனியின் நிர்வாக அதிகாரி போனில் சொல்வார், நாங்கள் அறை கொடுப்போம், மாதக் கடைசியில் பில் போகும். இரண்டு வருஷம் சிக்கலில்லாமல் ஓடியது. அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் 41 பில்களைத் திருப்பி அனுப்பினார். “இவர்களை யார் அனுப்பினார்கள்? மெயில் எங்கே? விருந்தாளி கையெழுத்து எங்கே?” எங்களிடம் எதுவும் இல்லை. ஏழு மாதம் நடந்து, மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முடித்தோம். அந்தக் கம்பெனியிடம் பணம் இல்லாமல் இல்லை. எங்கள் பில்லுக்குப் பின்னால் காகிதம் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் தவறு முழுக்க என் பக்கம்.

அதனால் கம்பெனி கணக்கில் அறை கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் பெயர் போட்ட மெயில் முகவரியிலிருந்து புக்கிங் வர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு போனில் சொன்னால் அறை கொடுங்கள், ஆனால் மெயில் வரும்வரை அது விருந்தாளியின் சொந்தக் கணக்கு என்று ரிசப்ஷன் பையனுக்குப் பழக்குங்கள். கம்பெனி கட்டுவது அறையும் டிபனும் மட்டும். இரவுச் சாப்பாடு, துணி வெளுப்பு, வண்டி எல்லாம் விருந்தாளியே கட்ட வேண்டும் என்று செக்-இன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது பில்லில் கையெழுத்து வாங்குங்கள். விடியற்காலையில் கிளம்புகிறவரிடம் முந்தின இரவே வாங்கிவிடலாம். பர்ச்சேஸ் ஆர்டர் எண் கொடுக்கும் கம்பெனி என்றால் அந்த எண் இல்லாத பில்லை அனுப்பவே அனுப்பாதீர்கள். அது நிராகரிக்கப்பட்டதுகூட உங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும்.

ஜி.எஸ்.டி. எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. தங்கும் அறைக்கான வரி, கட்டடம் இருக்கும் மாநிலத்துக்கு உரியது. கம்பெனி பெங்களூரு எண்ணைக் கொடுத்தாலும் நீங்கள் போட வேண்டியது மத்திய வரி பாதி, தமிழ்நாட்டு வரி பாதி. அந்த வரியை பெங்களூரு அலுவலகம் கழித்துக்கொள்ள முடியாது. இது தெரியாத கணக்காளர் ‘பில் தப்பு’ என்று நிறுத்தி வைப்பார். ஒப்பந்தத்தின்போதே தமிழ்நாட்டுப் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

நாட்களுக்கு வருவோம். 60 நாள் என்பதை நீங்கள் கெஞ்சிக் குறைக்க வேண்டியதில்லை, சட்டமே குறைத்து வைத்திருக்கிறது. உங்கள் ஹோட்டலுக்கு உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருக்கிறதா? இல்லை என்றால் கையெழுத்துக்கு முன் அதைச் செய்யுங்கள். இயந்திரம், தளவாடங்களில் முதலீடு 25 கோடி வரை, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம்தான். நிலமும் கட்டடமும் அந்த முதலீட்டுக் கணக்கில் வராது. 36 அறை ஹோட்டல் இதற்குள் தாராளமாக அடங்கும். 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி.

வட்டி கேட்டுக் கம்பெனியோடு யாரும் சண்டை போடுவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் வருஷக் கடைசியில் பாக்கி வைத்தால், கொடுக்கும் வருஷம் வரை அந்தச் செலவைக் கம்பெனி தன் லாபத்திலிருந்து கழிக்க முடியாது. அதனால் உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். பர்ச்சேஸ் அதிகாரி 60 நாளில் பிடிவாதமாக நின்றால், “உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்று மட்டும் மரியாதையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுத வேண்டியது இது: பில் மாதத்துக்கு இருமுறை, 16ஆம் தேதியும் 1ஆம் தேதியும். பில் கொடுத்த நாளிலிருந்து 30 நாள். ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், ஆட்சேபம் இல்லாத தொகையை நிறுத்தக் கூடாது. பில் கொடுத்ததற்கு முத்திரையோ மெயில் பதிலோ வாங்கி வையுங்கள், நாள் எண்ணுவது அங்கிருந்துதான். இந்த ஏற்பாட்டில் 2,200 ரூபாய் விலையிலும் வெளியே நிற்கும் பணம் அதிகபட்சம் மூன்று அரைமாத பில், அதாவது வரியோடு 1,73,000 ரூபாய் சொச்சம். கடன் வரம்பு இரண்டு லட்சம் என்று வையுங்கள். இந்த வரம்பைத் தாண்டினாலோ ஒரு பில் கெடு தாண்டி 15 நாள் ஆனாலோ, கம்பெனி ஆட்கள் அதே ஒப்பந்த விலையில் கிளம்பும்போதே பணம் கட்டுவார்கள். இதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் நீங்கள் யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. விலை மாறாது, கடன் மட்டும் தானாக நிற்கும். பாக்கி தீர்ந்ததும் தானாகத் தொடங்கும்.

ஜனவரி தேதியிட்ட பில்லுக்கான வரியை நீங்கள் பிப்ரவரி 20க்குள் கட்டிவிட வேண்டும், கம்பெனி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். முந்தின மாதப் பில் விவரத்தை 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் பக்கத்தில் பில் தெரியாதவரை பணம் விடாத கணக்குப் பிரிவுகள் நிறைய.

முதல் மூன்று மாதம் கடனே இல்லாமல், கிளம்பும்போது பணம் என்று நடத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கை உண்மையா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பெரிய கம்பெனிகள் இதற்கு ஒத்துக்கொள்வது அபூர்வம். அப்படியானால் முதல் காலாண்டுக்கு வரம்பை ஒரு லட்சமாக வைத்துத் தொடங்குங்கள். அவர்கள் தங்கும் வேறு ஊர் ஹோட்டல்கள் இரண்டின் பெயரைக் கேட்டு, அங்கே போன் போட்டு, “பணம் எத்தனை நாளில் வருகிறது?” என்று விசாரியுங்கள். நம் தொழிலில் இதற்கு யாரும் மறைக்காமல் பதில் சொல்வார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு ஆன்லைன் விலையைக் கவனியுங்கள். ஆள் வராத ஒரு ஜூன் மாதச் செவ்வாயில் ஆப்பில் 2,100க்குப் போட்டுவிட்டால், கம்பெனி ஆள் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். ஒப்பந்த விலைக்குக் கீழே ஆன்லைனில் இறக்க வேண்டாம். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிபன் இல்லாத, ரத்து செய்ய முடியாத புக்கிங்காக மட்டும் போடுங்கள்.

எல்லாம் பேசியும் அவர்கள் 2,000இலேயே நின்றால், கடைசியாக இதைச் சொல்லிப் பாருங்கள்: டிபன் இல்லாமல், திங்கள் முதல் வியாழன் வரை மட்டும், கிளம்பும்போது பணம் என்றால் 2,050. கமிஷன் கழித்து ஆன்லைனில் கைக்கு வரும் அதே தொகை. ஒப்புக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒப்புக்கொள்ளாமல் 2,000இல் எல்லாமும் வேண்டும் என்றால், பக்கத்து ஹோட்டல்காரர் எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்பாவிடம் அந்த 1,685 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.